அதிகாலை மூன்று மணிப் பசியும் பாக்கெட்டின் பின்பக்கமும்

வெண்டிங் மெஷின் பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டுமே காட்டும். படம், பெயர், பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி, இவைதான் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் பின்பக்கத்தில் இருக்கிறது. கடையில் என்றால் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அதே இடத்தில் வைத்துவிடலாம். மெஷினில் பணம் கட்டி, கம்பிச் சுருள் சுற்றி, பாக்கெட் கீழே விழுந்த பிறகுதான் அது கைக்கு வருகிறது. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மெஷின்களை நடத்தும் நிறுவனங்கள், வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவும் கண்ணில் படும்படி செய்ய வேண்டும் என்று 2014இல் விதி வந்தது. நம் ஊர் மெஷின்களில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைப்பது விலையும் கியூஆர் கோடும்தான்.

இரவில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சென்னையை அடுத்த ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கிக் காலை ஆறு மணி வாக்கில் முடியும் வேலையை சி ஷிஃப்ட் என்பார்கள். கேண்டீன் சாப்பாடு நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும். மூன்று மணிக்கு மறுபடியும் பசிக்கும்போது கேண்டீனில் ஆள் இருக்காது. கேட்டுக்கு வெளியே போய் டீக்கடை தேடவும் முடியாது. விளக்கு எரிந்துகொண்டு நிற்பது மெஷின் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் இயக்கும் ஓர் இளைஞர், பத்து நிமிட இடைவேளையில் ஒரு பாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். அவரும் அவருடைய இரவும் ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படும் கதை. இதில் வரும் பாக்கெட்டுகளும் எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பன அல்ல. எண்கள் அந்தந்த வகைப் பண்டத்தின் லேபிளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளை ஒட்டியவை.

முதலில் அந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிஸ்கட்டைக் காலை பத்து மணிக்குத் தின்பதும் அதிகாலை மூன்று மணிக்குத் தின்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. மூளையிலுள்ள உயிரியல் கடிகாரம், வெளிச்சத்தை வைத்து, இரவைத் தூக்கத்துக்கான நேரமாகக் கணக்கிடுகிறது. ஆள் விழித்து வேலை செய்துகொண்டிருந்தாலும் கணையம் பகலில் போல வேலை செய்வதில்லை. இன்சுலினுக்கு உடல் திசுக்கள் இணங்குவதும் குறைகிறது. அதனால் அதே அளவு மாவும் சர்க்கரையும் இரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்தி, கூடுதல் நேரம் அங்கேயே நிறுத்துகின்றன. அமெரிக்காவின் பிரிகாம் அண்ட் விமென்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 19 பேரை ஆய்வகத்தில் வைத்து இரவுப் பணி போன்ற சூழலை உண்டாக்கிப் பார்த்தார்கள். இரவிலும் உணவு உண்டவர்களுக்குச் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படி உயரவில்லை. 2021இல் வெளியான இந்த ஆய்வு முழுச் சாப்பாட்டை வைத்து நடந்தது. ஒரு சிறு பாக்கெட் நொறுக்குத்தீனிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் எந்தப் பக்கம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

இதிலிருந்து மெஷின் முன் நிற்பவரின் தேவையும் தெளிவாகிறது. ஆறு மணி வரை தாங்க வேண்டும். ஆனால் வயிறு நிறைந்துவிடக் கூடாது. ஏழரை மணிக்கு வீட்டுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறவருக்கு மூன்று மணிக்கு 150 முதல் 200 கலோரி போதும். அதில் சேர்த்த சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், கொஞ்சம் புரதமோ நார்ச்சத்தோ இருக்க வேண்டும், உப்பு மிகக் கூடாது. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு லேபிளைப் படிப்பதும், ஒன்றும் நினைக்காமல் எல்லா எண்களையும் பார்ப்பதும் வேறு வேறு. எண்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். கேள்வி இல்லாமல் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

பின்பக்கம் தெரியாத மெஷினில் லேபிளைப் படிப்பது எப்படி? நம் ஆபரேட்டர் கண்டுபிடித்த வழி எளிது. மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியின் மேலேயே காலிப் பாக்கெட்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து ஒரே ஆல்பத்தில் போட்டுவைத்திருக்கிறார். மெஷினில் சரக்கு நிரப்ப வருபவரிடம் கேட்டால் புதிதாக வந்ததையும் காட்டுவார். லேபிள் எழுத்து மிகச் சிறியது. மினுமினுக்கும் உறையில் விளக்கின் ஒளி பட்டுக் கண் கூசும். படமெடுத்துப் பெரிதாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு தடையும் உண்டு. இந்தியாவில் லேபிளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அட்டவணையில் ஐந்தாறு சொற்களை அடையாளம் கண்டுகொண்டால் போதும்: எனர்ஜி, புரோட்டீன், ஆடட் ஷுகர்ஸ், சாச்சுரேட்டட் ஃபேட், சோடியம். இவை எந்தப் பாக்கெட்டிலும் மாறுவதில்லை.

அன்று இரவு மெஷினில் அவர் கண்ணில் பட்டவை ஆறு: க்ரீம் பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ், ஓட்ஸ் டைஜஸ்டிவ் பிஸ்கட், கடலை மிட்டாய், 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று எழுதிய புரோட்டீன் பார், உப்புப் போட்டு வறுத்த கொண்டைக்கடலை. கீழ்த்தட்டில் மாம்பழ பானமும் எனர்ஜி டிரிங்க்கும் இருந்தன.

பின்னால் வந்து நின்ற லைன் லீடர் டைஜஸ்டிவ் பிஸ்கட்டைக் காட்டினார். "தம்பி, ஓட்ஸுன்னு போட்டிருக்கு பாரு, அதை எடு. உடம்புக்கு நல்லது."

"முன்னாடிதான் ஓட்ஸ் அண்ணே. பின்னாடி மைதா," என்றார் இவர்.

அந்தப் பதில் பொருட்பட்டியலிலிருந்து வந்தது. லேபிளில் மிக நேர்மையான பகுதி அதுதான் என்று சொல்லலாம். தயாரிக்கும்போது எது எடையில் அதிகமோ அது முதலில், அடுத்தது இரண்டாவதாக என்று இறங்குவரிசையில்தான் பொருட்களை எழுத வேண்டும் என்பது விதி. எந்த நிறுவனமும் தனக்குப் பிடித்ததை முன்னால் கொண்டுவர முடியாது. அந்த டைஜஸ்டிவ் பாக்கெட்டில் முதலில் இருப்பது சுத்திகரித்த கோதுமை மாவு 42 சதவீதம், அதாவது மைதா. பிறகு பாமாயில், சர்க்கரை, முழுக் கோதுமை மாவு 15 சதவீதம். அதற்கும் பிறகு ஓட்ஸ் 6 சதவீதம். முன்பக்கத்தில் ஒரு பொருளைச் சிறப்பித்துக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று பின்னால் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் இந்த எண்ணிக்கை அங்கே இருக்கிறது. 75 கிராம் பாக்கெட்டில் 6 சதவீதம் என்றால் நாலரை கிராம் ஓட்ஸ். முன்பக்கத்துப் படத்தில் கதிரும் கிண்ணமுமாகக் குவிந்து கிடக்கும் ஓட்ஸுக்கும் இந்த நாலரை கிராமுக்கும் உள்ள தூரத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். மைதா என்ற சொல்லைப் பல பாக்கெட்டுகளில் அடைப்புக்குறிக்குள்தான் போட்டிருப்பார்கள். கோதுமை என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் ஏமாற நேரும்.

பொருட்பட்டியலில் சர்க்கரை ஒளிந்திருக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். க்ரீம் பிஸ்கட்டின் பட்டியலில் மாவுக்கு அடுத்ததாகவே சர்க்கரை இருந்தது, அது வெளிப்படை. சில பண்டங்களில் சர்க்கரை மூன்றாவது நான்காவது இடத்தில் இருக்கும்; அதற்குப் பின்னால் லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தனித்தனியாக வரும். இவற்றில் முதல் இரண்டும் சர்க்கரைப் பாகுகள். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் பெரும்பாலும் வராத மாவுப்பொருள். ஆனால் ரத்தச் சர்க்கரையை அதே வேகத்தில் ஏற்றக்கூடியது. தனித்தனியாகப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் மாவுக்கு அடுத்த இடத்துக்கே வரலாம். தேன், பேரீச்சம்பழப் பாகு, அடர் பழச்சாறு என்ற பெயர்களிலும் அதே சர்க்கரைதான் வருகிறது.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. இதைப் பார்க்கும் முன் பாக்கெட்டின் நிகர எடையைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு எண் இல்லாமல் அட்டவணை முழுவதும் பயனற்றது. இந்திய லேபிளில் சத்துகள் 100 கிராமுக்கு எவ்வளவு என்று இருக்கும். கூடவே ஒரு 'சர்வ்', அதாவது ஒரு வேளை அளவு, ஒருவரின் நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் இருக்கும். பண்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு 100 கிராம் கணக்கு உதவும். வயிற்றுக்குள் போவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முழுப் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட வேண்டும். 'சர்வ்' என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. மூன்று மணிக்குப் பசித்தவர் பாக்கெட்டைப் பிரித்து இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு மீதியை மடித்து வைப்பதில்லை.

டைஜஸ்டிவ் பிஸ்கட்டில் இதைப் போட்டுப் பார்க்கலாம். பாக்கெட் 75 கிராம், ஆறு பிஸ்கட். ஒரு சர்வ் 25 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். 100 கிராமுக்கு 485 கலோரி, சேர்த்த சர்க்கரை 16 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 10 கிராம். சர்வ் கணக்கில் பார்த்தால் எல்லாமே அடக்கமாக இருக்கின்றன: கலோரி நாள் தேவையில் 6 சதவீதம், சேர்த்த சர்க்கரை 8 சதவீதம், நிறைவுற்ற கொழுப்பு 11 சதவீதம். இந்தச் சதவீதங்கள் நாளொன்றுக்கு 2000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2000 மில்லிகிராம் சோடியம் என்ற அளவுகோலில் போடப்படுபவை. முழுப் பாக்கெட்டுக்கு எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் 364 கலோரி, 12 கிராம் சர்க்கரை, ஏழரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாள் முழுவதுக்குமான நிறைவுற்ற கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். இடைவேளைக்கு வேண்டிய கலோரியைப் போல இரண்டு மடங்கு. உடம்புக்கு நல்லது என்ற பேச்சோடு வந்தது, கணக்கில் சிப்ஸைவிடக் கனமாக இருக்கிறது. 50 கிராம் சிப்ஸ் பாக்கெட் 270 கலோரிதான்.

இதற்காகச் சிப்ஸ் நல்லது என்று ஆகிவிடாது. அந்த 270 கலோரியில் பாதிக்கு மேல் எண்ணெய். புரதம் மூன்று நாலு கிராம். சோடியம் 350 மில்லிகிராம். சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். இங்கே கிட்டத்தட்ட 0.9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புதான் அளவு. நள்ளிரவுச் சாப்பாட்டில் சாம்பாரும் ஊறுகாயும் ஏற்கெனவே பெரும்பங்கைக் கொடுத்துவிட்டன. உப்பும் எண்ணெயும் மேலும் மேலும் தின்னத் தூண்டும், பசி அடங்குவதில்லை. லேபிளில் பசி அடங்குமா என்பதற்கு வரி கிடையாது. ஆனால் புரதத்தையும் நார்ச்சத்தையும் பார்த்து அதை ஓரளவு ஊகிக்கலாம்.

க்ரீம் பிஸ்கட்டை நம் ஆபரேட்டர் சீக்கிரம் தள்ளிவிட்டார். 60 கிராம் பாக்கெட்டில் சேர்த்த சர்க்கரை 21 கிராமுக்கு மேல். டீக்கரண்டிக் கணக்கில் ஐந்துக்கும் அதிகம். மூன்று மணிக்கு இதைத் தின்றால் முதல் அரை மணி நேரம் தெம்பாக இருக்கும். ஏறிய சர்க்கரை இறங்கும்போது நாலரை, ஐந்து மணி ஆகிவிடும். உடல் வெப்பமும் விழிப்பும் ஒரு நாளில் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் அதுவே. சுழலும் மெஷினின் முன் நிற்பவர் அந்த இரண்டையும் ஒன்றாகச் சந்திக்கக் கூடாது.

கடலை மிட்டாயிடம்தான் அவர் அதிக நேரம் நின்றார். அதுதான் நியாயமும்கூட. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பண்டம், பொருட்பட்டியலில் இரண்டே பொருள்: நிலக்கடலை, வெல்லம். இத்தனை குட்டையான பட்டியல் அந்த மெஷினில் வேறு எதற்கும் இல்லை. ஆனால் வெல்லம் சர்க்கரை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். லேபிள் அப்படி நம்பவில்லை. வெல்லத்தையும் சேர்த்த சர்க்கரை வரியில்தான் கணக்கிட வேண்டும். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 37 கிராம். க்ரீம் பிஸ்கட்டோடு ஏறக்குறைய சமம். வித்தியாசம் மற்ற வரிகளில் இருக்கிறது. 35 கிராம் பாக்கெட்டில் 13 கிராம் சர்க்கரை, அதோடு 5 கிராம் புரதம், 180 கலோரி. நிலக்கடலையின் எண்ணெயும் புரதமும் வயிற்றிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைப்பதால், மைதாவோடு வரும் சர்க்கரையைவிட இந்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். ஆக, சர்க்கரை வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் கடலை மிட்டாய்க்கு அநியாயம். வெல்லம் என்ற பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அது தின்பவருக்கு அநியாயம். பாதிப் பாக்கெட் தின்ன முடிந்தவருக்கு இது நல்ல பண்டம்.

சில மெஷின்களில் கடலை மிட்டாய் ஒற்றை வில்லையாக, சின்ன உறையில் வரும். அதில் அட்டவணையே இருக்காது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிறிய உறைகளுக்குப் பொருட்பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை ஆகியவற்றிலிருந்து விலக்கு உண்டு. அந்த விவரங்கள் அவை வந்த பெரிய பாக்கெட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெரிய பாக்கெட் மெஷினுக்குள் வருவதே இல்லை. அதே வகைப் பண்டத்தின் பெரிய பாக்கெட் லேபிளை ஒருமுறை கடையில் பார்த்து மனதில் வைத்துக்கொள்வதுதான் வழி.

புரோட்டீன் பாரின் முன்பக்கம் கவர்ச்சியானது: சர்க்கரை சேர்க்கப்படாதது, 10 கிராம் புரதம். இரண்டும் பொய்யில்லை. பொருட்பட்டியலில் மால்டிட்டால் என்று ஒன்று மேலேயே இருந்தது. இது பாலியால் வகை இனிப்பு. சர்க்கரையின் கலோரியில் பாதிக்குச் சற்று மேல் கொண்டது. ரத்தச் சர்க்கரையைக் குறைவாகத்தான் ஏற்றும் என்றாலும் அடியோடு ஏற்றாமல் விடாது. சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் வயிறு உப்பும், சிலருக்கு இளகும். இத்தகைய பண்டங்களில் பாலியால் மலமிளக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும். அட்டவணையின் அடியில் குட்டி எழுத்தில் இருக்கும். நினைத்தபோது லைனை விட்டு நகர முடியாதவருக்கு அந்த ஒரு வரி போதும். வீட்டில் ஒருமுறை தின்று பார்த்து ஒத்துக்கொண்டால் பிறகு வேலை இடத்தில் வாங்கலாம்.

கடைசியாக வறுத்த கொண்டைக்கடலை. முன்பக்கத்தில் வாக்குறுதி எதுவும் இல்லை. பொருட்பட்டியலில் கொண்டைக்கடலை, உப்பு, மஞ்சள் தூள். நிகர எடை 40 கிராம். 100 கிராமுக்கு 366 கலோரி, புரதம் 20 கிராம், நார்ச்சத்து 16 கிராம், சேர்த்த சர்க்கரை பூஜ்ஜியம், சோடியம் 500 மில்லிகிராம். முழுப் பாக்கெட்டுக்கு 146 கலோரி, 8 கிராம் புரதம், 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, 200 மில்லிகிராம் சோடியம், அதாவது அரை கிராம் உப்பு. அவர் முதலில் வைத்துக்கொண்ட நான்கு தேவைகளும் இதில் அடங்கிவிட்டன. இதன் மாவுச்சத்தும் மெதுவாகத்தான் சர்க்கரையாக மாறும்; கடித்து மென்று தின்ன நேரம் பிடிப்பதால் தூக்கமும் கொஞ்சம் விலகும்.

பக்கத்துச் சுருளிலேயே அதே நிறுவனத்தின் மசாலா கொண்டைக்கடலையும் இருந்தது. விலை ஒன்று, எடை ஒன்று, உறையின் நிறம் மட்டும் வேறு. ஆல்பத்தில் இருந்த படத்தில் அதன் சோடியம் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம். பாக்கெட்டுக்கு 360, சிப்ஸைவிட அதிகம். பொருட்பட்டியலில் எண்ணெயும் சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் மசாலாவுக்குள் அடைப்புக்குறியில் வந்திருந்தன. ஒரு பண்டத்தின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதால் நேரும் பிழை இதுதான்: கொண்டைக்கடலை நல்லது என்று கேட்டவர் கையில் மசாலா பாக்கெட் வந்துவிடும். உப்புப் போட்டதன் எண்ணை அழுத்தி, பணம் கட்டி, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். நார்ச்சத்து மிகுந்ததைத் தின்றால் ஒரு தம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும். கொண்டைக்கடலை வாயு பிடிக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது உண்மையான தொல்லை. அப்படிப்பட்டவர் பாதிக் கடலை மிட்டாயோடு நிறுத்திக்கொள்வது மேல்.

எனர்ஜி டிரிங்க்கை அவர் தொடாததற்குக் காரணம் சர்க்கரை மட்டுமில்லை. இந்தியாவில் காஃபீன் கலந்த பானம் என்று விற்கப்படுவதில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். மேல் எல்லையில் இருக்கும் 250 மில்லிலிட்டர் டப்பாவில் 75 மில்லிகிராம். உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்தால் எட்டு மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளே இருக்கும். வெளிச்சமும் ஹாரன் சத்தமும் நடுவே வரும் பகல் தூக்கம் ஏற்கெனவே பலவீனமானது. காஃபீன் தேவைப்படுகிறவர் அதை ஷிஃப்ட்டின் முதல் பாதியில் முடித்துவிட வேண்டும். டப்பாவில் காஃபீன் அளவை அச்சிட்டிருப்பார்கள். அது 100 மில்லிலிட்டருக்கா, டப்பாவுக்கா என்று பார்த்துக் கணக்குப் போடுவது அவசியம்.

மாம்பழ பானத்தின் கதை வேறு. 100 மில்லிலிட்டருக்கு 13 கிராம் சர்க்கரை, 200 மில்லிலிட்டர் பெட்டிக்கு 26 கிராம். மேலே சொன்ன எல்லாக் கணக்குப்படியும் இதுதான் மெஷினில் மிக மோசமான தேர்வு. ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் இரவுப் பணியில் இருந்தால் சில நேரம் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். திடீரென வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் என்று தெரியும். அந்த நேரத்தில் கொண்டைக்கடலை கொடுப்பது தவறு; அதன் நல்ல குணமான மெதுவான செரிமானமே அப்போது ஆபத்து. உடனடியாக ஏறும் சர்க்கரை 15 கிராம் தேவை. இந்தப் பானத்தில் பெட்டியின் பாதியைவிடச் சற்று அதிகமாகக் குடித்தால் அது கிடைக்கும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு. பிறகுதான் கொண்டைக்கடலையோ பிஸ்கட்டோ. விழுங்க முடியாத நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் முதலுதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் எண்களுக்குப் போகும் முன் பொருட்பட்டியலுக்குக் கீழே உள்ள ஒவ்வாமை வரியைப் பார்க்க வேண்டும். கோதுமை, பால், சோயா, கொட்டை வகைகள், நிலக்கடலை ஆகியவை இருந்தால் அங்கே தனியாகச் சொல்லியிருக்கும். கொண்டைக்கடலைப் பாக்கெட்டிலும், அதே ஆலையில் நிலக்கடலை வறுபடுவதால், நிலக்கடலை கலந்திருக்கலாம் என்ற குறிப்பு வருவதுண்டு.

இன்னும் ஒன்றை, பாக்கெட் கைக்கு வந்த பிறகே பார்க்க முடியும்: காலாவதித் தேதி. மெஷினில் கேட்டு வாங்குவோர் குறைந்த பண்டம் சுருளின் பின்னால் மாதக்கணக்கில் நிற்கும். சரக்கு நிரப்புபவர் பழையதை முன்னால் தள்ளாமல் புதியதை முன்னால் செருகிவிட்டால் பின்னால் இருப்பது வெளியே வரும்போது தேதி தாண்டியிருக்கலாம். தேதி சரியாக இருந்தும் பண்டம் கெட்டிருப்பதுண்டு. கொண்டைக்கடலை, கடலை மிட்டாய், சிப்ஸ் மூன்றுமே உறைக்குள் காற்றும் ஈரமும் புகாதவரைதான் நன்றாக இருக்கும். உப்பியிருக்க வேண்டிய சிப்ஸ் பாக்கெட் சப்பையாக இருந்தாலோ, ஓரத்து ஒட்டு விட்டிருந்தாலோ, பிரித்தவுடன் எண்ணெயின் சிக்கு வாடை வந்தாலோ தின்னக் கூடாது. பாக்கெட்டையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்து, மெஷினில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்ணுக்கோ கேண்டீன் பொறுப்பாளருக்கோ அனுப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அந்தச் சுருளில் மீதி நிற்கும் பாக்கெட்டுகளையும் அவர்கள் பார்த்து எடுத்துவிடலாம்.